தொண்டைப் படத்தில் கழுத்து இல்லை

என் கைபேசியைத் தெரியாத்தனமாக யாராவது திறந்து பார்த்தால் பயந்துபோவார்கள். மற்றவர்கள் பேரப்பிள்ளை படமும் ஊட்டிப் படமும் வைத்திருக்கும் இடத்தில் நான் வாய்களை வைத்திருக்கிறேன். திறந்த வாய்கள். நாக்கை நீட்டியவை, கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்தியவை, பல் மட்டும் தெரிந்து தொண்டையே தெரியாதவை. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் இத்தனை காலமாகக் கிளினிக் வைத்திருக்கிறேன் என்பதைவிட, குடும்பத்தில் ஒரே டாக்டர் என்பதுதான் எனக்கு வந்த வினை. மூன்று தலைமுறையாக இந்த ஊரிலேயே இருக்கும் குடும்பம். உறவுக்காரர்களுக்கு என்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. காலை வணக்கப் படங்களுக்கும் கோயில் படங்களுக்கும் நடுவே யாரோ ஒருவருடைய உள்நாக்கு வந்து நிற்கும். கீழே "எந்த மாத்திரை?" என்று ஒரு கேள்வி.

பணம் கொடுக்க மாட்டார்கள் என்பதில் எனக்கு வருத்தமில்லை. படத்தை நம்புகிறார்களே, அதில்தான் எரிச்சல். முன்பு ஒரு முறை தம்பி மகனுடைய தொண்டையில் பெரிய வெள்ளைத் திட்டு என்று வீடே கலங்கிப் போயிருந்தது. நேரில் வந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்ததும் திட்டு இறங்கிப் போய்விட்டது. மதியம் சாப்பிட்ட தயிர்ச்சாதம். இந்தக் கதையை எல்லோருக்கும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். யாரும் திருந்தவில்லை.

அந்த வாரம் வந்த படம் தயிர்ச்சாதம் அல்ல.

அண்ணனுடைய மருமகளின் தொண்டை அது. தர்மபுரிப் பக்கத்துப் பெண். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. கல்யாணமாகி இன்னும் தாலிக்கயிற்றில் மஞ்சள் வெளுக்கவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் ஹெப்பகோடியில் அடுக்குமாடியில் குடியிருந்தார்கள். குடித்தனம் பழக்கிவிட்டு வருகிறேன் என்று அண்ணியும் அங்கே போய்த் தங்கியிருந்தார். படம் எடுத்ததும் அண்ணிதான், குழுவில் போட்டதும் அண்ணிதான். நன்றாகத்தான் எடுத்திருந்தார். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் கரண்டி. இரண்டு பக்கமும் டான்சில் வீங்கிச் சிவந்திருந்தன. அவற்றின் மேல் சுண்ணாம்பு தெறித்ததுபோல் வெள்ளைத் திட்டுகள்.

பாடப்புத்தகத்தில் போடலாம், அவ்வளவு தெளிவு. அதனால்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த மாதிரிப் படம் சொல்வது கொஞ்சம். அழற்சி இருக்கிறது என்று சொல்லும். உள்நாக்கு நடுவில் நேராகத் தொங்கினால், ஒரு பக்கம் சீழ் கட்டித் தள்ளவில்லை போலிருக்கிறது என்று ஒரு சின்ன ஆறுதல் தரும். அவ்வளவுதான். அந்த வெள்ளை பாக்டீரியா போட்டதா, வைரஸ் போட்டதா என்று எந்தக் கேமராவும் சொல்லாது. இரண்டுமே இப்படித்தான் பூக்கும். பஞ்சுக்குச்சியால் தொண்டையைத் துடைத்துச் சோதித்தால்தான் தெரியும். தொண்டை அடைப்பான் நோயில் படியும் சாம்பல் நிறப் படலத்தைக்கூட டார்ச் வெளிச்சமும், முகத்தை வெளுத்துக் காட்டுவதற்கென்றே செய்த கைபேசியும் சேர்ந்து வெள்ளையாக்கிவிடும். குரல் மாறியிருக்கிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா, மூச்சு எப்படி, நாடி எப்படி, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா, எதுவும் படத்தில் இருக்காது. முக்கியமாக, அந்த வாய்க்குச் சொந்தக்காரி யார் என்பது இருக்காது.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். காய்ச்சல் உண்டா? உண்டு, நல்ல காய்ச்சல். இருமல், மூக்கொழுகல்? இல்லை. சின்ன வயதில் தடுப்பூசி எல்லாம்? போட்டிருக்கிறது. வேறு மாத்திரை ஏதாவது தினமும் சாப்பிடுகிறாளா? ஒன்றும் இல்லை.

பதில்கள் சட்சட்டென்று வந்தன. எல்லாம் அண்ணி தட்டச்சு செய்தவை. அந்தப் பெண்ணும் குழுவில்தான் இருந்தாள். கல்யாணத்தன்று மாலை எங்கள் சித்தப்பா அவளைச் சேர்த்துவிட்டு, வரவேற்று ஒரு பூங்கொத்துப் படமும் போட்டிருந்தார். அவள் ஒன்றும் எழுதவில்லை. மாமியார் பதில் சொல்லிவிட்ட கேள்விக்கு, மாமனார், பெரியமாமனார், ஓரகத்திகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில், புது மருமகள் என்ன எழுதுவாள்?

நேரில் கூட்டிவரச் சொன்னேன். உடனே குழு விழித்துக்கொண்டது. ஓசூர் ரோட்டில் வண்டிகள் நிற்கிற நிலைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவதா என்று ஒருத்தி. மிளகும் தேனும் என்று ஒருவர். கல்லுப்புத் தண்ணீர் என்று இன்னொருவர். அமெரிக்காவில் பல் டாக்டராக இருக்கும் பெரியப்பா மகன், படம் தெளிவாக இருக்கிறது, இது பாக்டீரியாதான், என்று ஒரு ஆன்டிபயாடிக் பெயரையே எழுதிவிட்டான். கூட அமெரிக்கக் கொடி வேறு. உள்ளூர் டாக்டர் நேரில் வா என்கிறாள், அமெரிக்க டாக்டர் இருந்த இடத்திலேயே மருந்து தருகிறான். யாரை நம்புவார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குக் கீழேயே மருந்துக்கடை. சாயங்காலமே மாத்திரை வந்துவிட்டது. நான் கோபத்தில் கைபேசியைக் குப்புறப் போட்டுவிட்டுக் கிளினிக்கில் வந்தவர்களைப் பார்க்கப் போனேன்.

மறுநாள் உச்சிப்பொழுதில் அடுத்த படம் வந்தது. "சிகப்பு குறைஞ்சிருக்கு" என்று அண்ணி எழுதியிருந்தார். கட்டைவிரல்கள் வரிசையாக உயர்ந்தன. பல் டாக்டர் கைகூப்பினான்.

சிவப்பு உண்மையிலேயே குறைந்துதான் இருந்தது. நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். திட்டுகள் குறையவில்லை. பரவியிருந்தன, ஓரங்கள் மங்கிக் கிடந்தன. படத்தின் மூலையில், யாரும் காட்ட நினைக்காத இடத்தில், கீழுதட்டின் உட்புறத்தில் ஒரு புண். டார்ச் வெளிச்சம் கண்ணாடிபோல் அதில் பட்டிருந்தது. கரண்டி இடித்த காயமாகவும் இருக்கலாம். படம் அதைச் சொல்லாது.

காய்ச்சல் எப்படி என்று கேட்டேன். அண்ணி சாவகாசமாக எழுதினார்: காய்ச்சல் மட்டும் கூடியிருக்கிறது, காலையில் பல் கிட்டுகிற மாதிரி குளிர் அடித்தது.

படம் தேறுகிறது, ஆள் தேறவில்லை. உடம்பு எதிர்த்துச் சண்டை போட்டால்தான் தொண்டை சிவக்கும், வீங்கும், சீழ் வரும். சண்டை நின்றுபோனதாலும் சிவப்பு குறையலாம். அப்படி நினைத்தேன் என்பதைவிட, அந்த நினைப்பு வந்து கதவருகே நின்றுகொண்டது, நான் பார்க்காத மாதிரி இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

போன் செய்தேன். அண்ணி எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். அவளிடம் கொடுங்கள் என்றேன். கொடுத்தார், ஸ்பீக்கரிலேயே. "சரியாயிடும் அத்தை," என்றாள். அவ்வளவு மரியாதையாகச் சொன்ன அந்தக் குரலில் உயிரே இல்லை. கிளினிக்கைப் பூட்டச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். காத்திருந்தவர்கள் திட்டியிருப்பார்கள்.

மேம்பாலம் முழுக்க எனக்கு அண்ணிமேல் கோபம். அதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்கு வந்த நாள் முதல் எதற்கெடுத்தாலும் "ஒண்ணும் இல்ல" என்று சொல்லி மூடிவிடுகிற பெண்மணி. அண்ணனுக்கு வேலை போனபோதும் ஒண்ணும் இல்ல, மகன் பரீட்சையில் கோட்டை விட்டபோதும் ஒண்ணும் இல்ல. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார் என்று அம்மாவே சொல்வாள்.

வீட்டில் ரசம் கொதிக்கிற வாசனை. அண்ணன் மகன் உள்ளறையில் காதில் மாட்டிக்கொண்டு அலுவலகக் கூட்டத்தில் இருந்தான், என்னைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினான். அவள் சோபாவில் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து நிற்கப் பார்த்தாள். உட்காரும்மா என்றேன்.

வாயைப் பார்த்தேன். படத்தில் பார்த்ததுதான், ஆனால் வெள்ளை அல்ல, பழுப்பும் சாம்பலும். உதட்டில் இருந்தது கரண்டிக் காயம் இல்லை. பல் ஈறிலும் ஒரு புண் இருந்தது. நாடியைப் பிடித்தேன். காய்ச்சலில் நாடி ஓடும்தான், ஆனால் இது காய்ச்சலுக்கு மிஞ்சிய ஓட்டம். கையை நீட்டச் சொன்னேன். விரல் நுனிகள் மெல்ல நடுங்கின. பிறகு நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்கத் துப்பட்டாவை விலக்கினேன்.

தாடைக்குக் கீழே நெறி கட்டியிருந்தது. என் விரல்கள் இன்னும் கீழே இறங்கின. குரல்வளைக்கு இரண்டு பக்கமும் மெத்தென்று ஒரு வீக்கம். எச்சில் விழுங்கச் சொன்னேன். அவள் வலியோடு விழுங்கினாள். வீக்கம் மேலே ஏறி இறங்கியது.

தைராய்டு. தொண்டையைப் படம் எடுத்தோம், பெரிதாக்கினோம், அமெரிக்கா வரைக்கும் அனுப்பினோம். இது அந்தப் படத்தின் விளிம்புக்குச் சற்றுக் கீழே, தோலுக்கு வெளியிலேயே இருந்தது. கல்யாணத்தில் அட்டிகை மறைத்தது, இப்போது துப்பட்டா.

அண்ணியை வெந்நீர் வைக்கச் சொல்லி அனுப்பினேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்ட பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"என்ன மாத்திரை சாப்புடுறம்மா?"

அவள் சமையலறைப் பக்கம் பார்த்தாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"ஆபீஸ் பையில இருக்கு அத்தை. இவங்களுக்குத் தெரியாது. கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் ஆரம்பிச்சது. மாத்திரை சாப்புடுற பொண்ணுன்னா வேணாம்னுடுவாங்க, தாலி ஏறட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு அம்மா சொன்னாங்க."

"இன்னிக்கும் போட்டியா?"

"விடாம போடணும்னு சொன்னாங்களே. காய்ச்சல்லயும் விடல அத்தை."

பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினாள். தைராய்டு அதிகமாகச் சுரப்பதை அடக்குகிற மாத்திரை. நல்ல மாத்திரைதான், ஆயிரமாயிரம் பேருக்கு ஒரு கெடுதலும் செய்யாது. எப்போதாவது யாரோ ஒருவருக்கு, பெரும்பாலும் ஆரம்பித்த முதல் சில மாதங்களில், ரத்தத்தில் கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களைத் துடைத்துப்போட்டுவிடும். அது முதலில் காட்டுகிற முகம் தொண்டை வலியும் காய்ச்சலும்தான். அதனால்தான் இதை எழுதிக் கொடுக்கும்போது, தொண்டை வலித்தால் மாத்திரையை நிறுத்து, அன்றைக்கே ரத்தம் பார் என்று சொல்லி அனுப்புவது வழக்கம். அவளுக்கும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவளிடம் அல்ல, அவள் அம்மாவிடம். அம்மாவுக்குக் கல்யாணப் பத்திரிகை கவலை.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அத்தை," என்றாள்.

சொல்லவில்லை. அது அவளுடைய உடம்பு, வீட்டாரிடம் அவள்தான் சொல்ல வேண்டும். ஆனால் மாத்திரையை அந்த நிமிஷத்தோடு நிறுத்தச் சொன்னேன், உடனே ரத்தம் பார்க்க வேண்டும் என்றேன். வெந்நீரோடு வந்த அண்ணி, தொண்டை வலிக்கு எதற்கு ரத்தம் என்றார். நான் நேராக உள்ளறைக்குப் போய் அண்ணன் மகனின் கணினியை மூடினேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தான்.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வருவதற்குள்ளாகவே, நான் சொன்னதைக் கேட்டு, கிருமிக்கான ஊசி மருந்தைத் தொடங்கிவிட்டார்கள். பிறகு ஆய்வுக்கூடத்திலிருந்து கூப்பிட்டு, மாதிரி சரியாக எடுக்கப்பட்டதா என்று கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வியிலேயே பதில் கிடைத்துவிட்டது. இரண்டாம் முறை எடுத்ததிலும் அதேதான். சண்டை போடும் அணுக்கள் அநேகமாக இல்லவே இல்லை. படத்தில் எல்லோரும் பார்த்த வெள்ளை, உடம்பு போராடுகிற வெள்ளை அல்ல. காவலுக்கு ஆளில்லாத இடத்தில் சதை செத்துப்போன வெள்ளை.

அவளைத் தனியறையில் வைத்தார்கள். பார்க்கப் போகிறவர்கள் முகமூடி போட்டு, கை கழுவி, வாசலிலேயே நிற்க வேண்டும். அவளேதான் கணவனிடம் சொன்னாள், கண்ணாடிக் கதவுக்கு அப்பாலிருந்து போனில். அவன் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு போய்த் தன் அம்மாவிடம் சொன்னான். அண்ணி சத்தம் போடுவார், ஏமாற்றிவிட்டார்கள் என்பார், தர்மபுரிக்குப் போன் பறக்கும் என்று நான் கச்சை கட்டிக்கொண்டு காத்திருந்தேன். அண்ணி ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

அடுத்த நாட்களை நான் நினைக்க விரும்பவில்லை. ரத்த அழுத்தம் இறங்கியது, ஏற்றினார்கள், மறுபடி இறங்கியது. எலும்பு மஜ்ஜையைத் தட்டி எழுப்புகிற ஊசி தினமும் போட்டார்கள். தினமும் காலையில் எண்ணிக்கை வரும், தினமும் அது அதே பாதாளத்தில் கிடக்கும். வாட்ஸப் குழுவில் மட்டும் ஒருவர் விடாமல் முதல் படத்தைத் தேடிப்பிடித்து, இதில்தான் அப்போதே தெரிகிறதே என்று எழுதினார்கள். நான் முதல் முறையாகக் குழுவில் கெட்ட வார்த்தை எழுதினேன். சித்தப்பா அதை அழித்துவிட்டார். பல் டாக்டர் தனியாகப் போன் செய்து அழுதான். அவனைத் திட்டும் தெம்பு எனக்கு இல்லை.

பிறகு ஒரு காலையில் எண்ணிக்கை கொஞ்சம் நகர்ந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம். தொண்டை மறுபடியும் நன்றாகச் சிவந்து வீங்கியது. அந்தச் சிவப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்கள் நானும் அந்த வார்டு டாக்டரும் மட்டும்தான். அவள் பிழைத்தாள். இனி அந்த மாத்திரை வாழ்நாளில் கூடாது, சுரப்பிக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று, கிளினிக்கில் கூட்டம் குறைந்த நேரத்தில் அண்ணி வந்தார். தனியாக. வந்ததும் கதவைச் சாத்தினார். நான் இன்னும் கோபத்தில்தான் இருந்தேன். வேறு மாத்திரை இல்லை என்று அவளைக் கேட்காமலே எப்படி எழுதினீர்கள் என்று கேட்டுவிட வேண்டும் என்று நாக்கு நுனியில் வைத்திருந்தேன்.

அண்ணி புடவைத் தலைப்பில் முடிந்திருந்ததை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். பாதி காலியான ஒரு மாத்திரை அட்டை. எடுத்துப் பார்த்தேன். வலிப்புக்குக் கொடுக்கிற மாத்திரை.

"மாசாமாசம் என் தம்பி வாங்கிட்டு வந்து குடுப்பான்," என்றார். "என் கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து. மஞ்சத்தூள் டப்பாக்கு அடியில இருக்கும். உங்கண்ணனுக்குத் தெரியாது. நீ எத்தனையோ தடவை கேட்டிருக்க, வேற மாத்திரை ஏதாவதுன்னு. ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லுவேன். அன்னிக்கு அவளுக்கும் அதேதான் கை தானா எழுதிடுச்சு."

நான் அட்டையைத் திருப்பி மருந்தின் பெயரை மறுபடி படித்தேன்.

"இதுலயும் அந்த மாதிரி ரத்தத்துல அணு போகுமா?"

அபூர்வமாகப் போகும் என்றேன். பொய் சொல்ல முடியவில்லை. அண்ணி தலையாட்டினார், எதிர்பார்த்த விலையைக் கடைக்காரன் சொன்னதுபோல.

அட்டை என் கையில் இருந்தது. எனக்கு அப்போதுதான் அந்தத் தீபாவளி ஞாபகம் வந்தது. அண்ணிக்குத் தொண்டை வலி. அப்போது வாட்ஸப் இல்லை, நேரில்தான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன், டார்ச் அடித்து, கழுத்தைத் தொட்டு. கேட்க வேண்டியதைக் கேட்டு, ஒண்ணும் இல்ல என்ற பதிலையும் வாங்கிக்கொண்டு, பிறகுதான் ஒரு ஆன்டிபயாடிக் கொடுத்தேன். அந்த வகை மருந்து வலிப்பு மாத்திரையை உடம்பைவிட்டுப் போகவிடாமல் தேக்கிவைக்கும். மூன்றாம் நாள் அண்ணி சமையலறையில், பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே, எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்தார். பட்டினி விரதம் என்றோம். பித்தம் என்றோம். எல்லோரும் அப்புறம் பட்டாசு வெடிக்கப் போனோம்.

"அன்னிக்கு விழுந்தது..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்," என்றார் அண்ணி. "ரெண்டு மாத்திரையும் ஒண்ணுக்கொண்ணு ஆகலன்னு எனக்கு அன்னிக்கே தெரிஞ்சுது. உன் மாத்திரையத்தான் நிறுத்தினேன்."

ரத்தம் எடுக்க அவர் கையை மேஜைமேல் நீட்டச் சொன்னேன். புடவைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பி நீட்டினார். முழங்கைக்குக் கீழே பழைய தீக்காயத் தழும்பு ஒன்று இருந்தது. அந்தத் தீபாவளிக்குப் பிறகு இத்தனை வருஷம் அதைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் தெறித்தது என்று சொல்லியிருந்தார்.